உங்களுக்குத் தெரியுமா? – இரண்டு கிளாக்குகள், ஒரு வாசல்

◆ ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள்கூட ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. இரண்டின் மேலும் ஒரே எண்தான் எழுதியிருக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையில் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருப்பது மிகச் சாதாரணம். 12 மெகாஹெர்ட்ஸில் 20 பங்கு என்றால் 240 ஹெர்ட்ஸ். அதாவது ஒன்று மற்றொன்றை நொடிக்கு 240 முறை முழுச் சுற்று முந்திப் போகிறது. இரண்டும் சேர்ந்து ஏறும் நேரம் வரும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் நேரமும் வரும். இடைப்பட்ட எல்லா நிலைகளும் வரும். 'இந்த இரண்டும் இப்படித்தான் அடுக்கியிருக்கும்' என்று எந்த நொடியிலும் நம்ப முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிப்பை இந்த கிளாக்கிலிருந்து அந்த கிளாக்குக்கு மாற்றுவது சிக்கலாவது இதனால்தான்.

◆ இரண்டு கிளாக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு சாதாரண மல்டிப்ளெக்சர் போதாதா? தேர்வுக் கம்பி 0 என்றால் முதல் கிளாக், 1 என்றால் இரண்டாவது. கேட்க எளிமைதான். மெதுவான கிளாக் 12 மெகாஹெர்ட்ஸ், வேகமானது 125 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மெதுவானது ஏறி 1 நானோ நொடிதான் ஆகியிருக்கிறது. அந்தக் கணத்தில் தேர்வுக் கம்பி மாறுகிறது. வேகமான கிளாக் அப்போது தாழ்நிலையில் இருக்கிறது. வெளியே வருவது 1 நானோ நொடி அகலமுள்ள ஒரு குட்டித் துடிப்பு. அந்தத் துடிப்பு மெதுவான கிளாக்குக்கும் சொந்தமில்லை, வேகமானதற்கும் சொந்தமில்லை. இதைத்தான் கிளிட்ச் என்கிறோம். இரண்டும் உயர்நிலையில் இருக்கும்போது மாற்றினால் தப்பிக்கலாமே என்று தோன்றும். மெதுவானது ஏறி அரை நானோ நொடி ஆகியிருந்து, வேகமானது இறங்க இன்னும் அரை நானோ நொடி மிச்சமிருந்தால், அப்போதும் கிடைப்பது அதே 1 நானோ நொடித் துண்டுதான்.

◆ அந்தத் துண்டு செய்கிற கெடுதல், சிப்பை ஒரேயடியாக நிறுத்துவதைவிட மோசமானது. கிளாக் ஆயிரக்கணக்கான பிளிப்-ஃப்ளாப்களுக்குக் கிளைகிளையாகப் பிரிந்து போகிறது. 1 நானோ நொடித் துடிப்பு சில கிளைகளில் தேய்ந்து மறைந்துவிடும், சிலவற்றில் உயிரோடு போய்ச் சேரும். சேர்ந்த பிளிப்-ஃப்ளாப் ஒரு அடி முன்னே போய்விடுகிறது, சேராதது பின்னாலேயே நிற்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. வழக்கமாக 8 நானோ நொடி அவகாசம் கிடைக்கும் கணக்கு ஒன்று, துண்டுத் துடிப்பின் கையில் அகப்பட்டு ஒரே நானோ நொடியில் பாதி வெந்த விடையைப் பதிந்துவிடும். அதன் பிறகு எண்ணிக்கை தாறுமாறாகும். நிலை இயந்திரம் தன் பட்டியலிலேயே இல்லாத நிலையில் போய் உட்கார்ந்துவிடும். ரீசெட் அடித்தால் சரியாகிவிடுவதால், காரணம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

◆ இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரே தண்டவாளம் இருந்த காலத்தில் ரயில்வே இந்தச் சிக்கலை ஒரு டோக்கனால் தீர்த்தது. டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை அந்தத் தடத்துக்குள் கொண்டுபோக மாட்டார். இரு ஸ்டேஷன்களின் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை இன்னொன்று எந்தக் கருவியிலிருந்தும் வராது. நல்ல கிளாக் மல்டிப்ளெக்சரின் இதயமும் இதுதான். பழைய கிளாக் தன் வாசலை மூடிவிட்டு, 'நான் வெளியேறிவிட்டேன்' என்று சொன்ன பிறகுதான் புதிய கிளாக் தன் வாசலைத் திறக்கும். இந்தக் கேள்வி-பதிலுக்குத்தான் ஹேண்ட்ஷேக் என்று பெயர்.

◆ அந்தச் சுற்று முழுவதையும் ஐந்தே வரி வெரிலாக்கில் எழுதிவிடலாம்:

```
always @(posedge clk0) s0  <= ~sel & ~en1;
always @(negedge clk0) en0 <= s0;
always @(posedge clk1) s1  <=  sel & ~en0;
always @(negedge clk1) en1 <= s1;
assign clk_out = (clk0 & en0) | (clk1 & en1);
```

`en0`, `en1` இரண்டும் வாசல்கள். `sel` தேர்வுக் கம்பி. முதல் வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: 'தேர்வு என் பக்கம் இருக்கிறது, எதிர்வாசலும் மூடியிருக்கிறது, இரண்டும் உண்மையானால் மட்டும் நான் திறக்கத் தயார்.' மூன்றாவது வரி எதிர்த்தரப்பில் நின்று அதையே சொல்கிறது. மூடுவதற்கு எதிர்வாசலின் சம்மதம் வேண்டியதில்லை, திறப்பதற்குத்தான் வேண்டும். குறுக்கே போகும் கம்பி `en`-இலிருந்து எடுக்கப்படுகிறது, `s`-இலிருந்து அல்ல என்பதையும் கவனியுங்கள். `s` வெறும் எண்ணம், `en` நடந்து முடிந்த செயல். 'மூடப் போகிறேன்' என்ற பேச்சை நம்பி எதிராளி திறந்துவிடக் கூடாது.

◆ இரண்டாவது பிளிப்-ஃப்ளாப் ஏன் இறங்குமுனையில் இயங்குகிறது? கடைசி வரியில் கிளாக்கும் வாசலும் ஆண்ட் கேட்டில் சேர்கின்றன. கிளாக் தாழ்நிலையில் இருக்கும்போது வாசல் திறந்தாலும் மூடினாலும் ஆண்ட் கேட்டின் வெளியீடு 0 தான், யாருக்கும் தெரியாது. கிளாக் இறங்கிய கையோடு வாசலை அசைத்தால், அடுத்த ஏறுமுனை வர இன்னும் அரைச்சுற்று நேரம் கைவசம் இருக்கிறது. ஆகவே வாசலைத் தாண்டி வெளியே வரும் ஒவ்வொரு துடிப்பும் முழுத் துடிப்பாகவே வரும். வெளியீட்டை உயர்நிலையில் நிறுத்திவைக்கும் வகை மல்டிப்ளெக்சர்களில் இது தலைகீழாகும்: ஆண்ட் இருந்த இடத்தில் ஆர் கேட், இறங்குமுனை இருந்த இடத்தில் ஏறுமுனை. இந்த ஜோடியைக் கலந்துகட்டி எழுதிவிடுவது புதிதாகச் செய்பவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. ஹேண்ட்ஷேக் சரியாகவே இருக்கும், கிளிட்சும் தவறாமல் வரும்.

◆ இந்த மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கையாலேயே கணக்குப் போட்டுவிடலாம். 12 மெகாஹெர்ட்ஸின் ஒரு சுற்று 83.3 நானோ நொடி. 125 மெகாஹெர்ட்ஸின் ஒரு சுற்று 8 நானோ நொடி. மெதுவான `clk0` நேரம் 0-இல் ஏறுகிறது, 10-ஆவது நானோ நொடியில் `sel` மாறுகிறது என்போம். 83.3-இல் அடுத்த ஏறுமுனையில் `s0` சுழியாகிறது. வாசல் இன்னும் திறந்தே இருப்பதால் 83.3 முதல் 125 வரையுள்ள துடிப்பு முழுதாக வெளியேறுகிறது. 125-இல் கிளாக் இறங்கியதும் `en0` மூடுகிறது. இப்போதுதான் `clk1`-க்கு வழி. அடுத்த 8 நானோ நொடிக்குள் அதன் ஏறுமுனை வந்து `s1`-ஐ எழுப்பும். 4 நானோ நொடி கழித்து இறங்குமுனையில் `en1` திறக்கும். மேலும் 4 நானோ நொடியில் முதல் வேகத் துடிப்பு வெளியே வரும். நடுவில் வெளியீடு அமைதியாக இருப்பது 8 முதல் 16 நானோ நொடி வரை. வேகமான கிளாக்கின் தாழ்நிலை 4 நானோ நொடிதான் என்பதால், இந்த இடைவெளி ஒருபோதும் அதைவிடக் குறுகாது.

◆ திரும்பிப் போகும் பயணம் இதைவிட நீளம். 125-இலிருந்து 12-க்கு மாறும்போது வேகமான கிளாக் அதிகபட்சம் 12 நானோ நொடியில் மூடிக்கொள்ளும். அதன் பிறகு மெதுவானது தன் ஏறுமுனைக்காகக் காத்திருந்து, அரைச்சுற்று கழித்துத் திறந்து, இன்னொரு அரைச்சுற்று கழித்துத் துடிக்க வேண்டும். அமைதி 83 முதல் 167 நானோ நொடி வரை நீளும். வேகமான கிளாக்கின் கணக்கில் அது சுமார் 10 முதல் 21 சுற்றுகள். கிளிட்ச் இல்லை என்பது உண்மை, ஆனால் இந்த கிளாக்கை எண்ணி நேரம் சொல்லும் டைமர் அந்த இடைவெளியை எண்ணாது. ஒவ்வொரு மாற்றத்திலும் இப்படி நேரத்தை இழப்பது பொறுக்க முடியாத இடமென்றால், டைமரை மாறாத வேறொரு கிளாக்கில் வைப்பதே சரி.

◆ `s0`, `s1` என்ற முதல் பிளிப்-ஃப்ளாப்கள் வேறொரு நோய்க்கும் மருந்து. `sel` எந்த நேரத்திலும் மாறலாம். எதிர்வாசலின் செய்தியும் வேறு கிளாக்கின் உலகத்திலிருந்து வருகிறது. சரியாகப் பதியும் கணத்தில் உள்ளீடு மாறினால் பிளிப்-ஃப்ளாப் 0-க்கும் 1-க்கும் நடுவே சிறிது நேரம் தத்தளிக்கும். மெட்டாஸ்டபிலிட்டி என்பது இதுதான். எந்தப் பக்கம் விழுந்தாலும் நமக்குச் சம்மதமே: பழைய மதிப்பாக விழுந்தால் மாற்றம் ஒரு சுற்று தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் இறங்குமுனை வருவதற்குள் விழுந்துவிட வேண்டும், ஆக அவகாசம் அரைச்சுற்று மட்டுமே. 125 மெகாஹெர்ட்ஸில் அது 4 நானோ நொடி, இன்றைய சிப்களுக்குத் தாராளம். 1 கிகாஹெர்ட்ஸில் அது அரை நானோ நொடியாகிவிடும். அங்கே ஏறுமுனையில் இன்னொரு பிளிப்-ஃப்ளாப்பைச் சேர்த்துக்கொள்வார்கள். மாற்றம் ஒரு சுற்று தாமதமாகும், தத்தளிப்பு அடங்க முழுச்சுற்று கிடைக்கும். ஒன்றின் மடங்காக மற்றது ஓடும் உறவுள்ள கிளாக்குகள் என்றால், `sel`-உம் அவற்றோடு இசைந்தே மாறினால், இந்த முதல் பிளிப்-ஃப்ளாப்பே தேவைப்படாது.

◆ இந்த ஐந்து வரிச் சுற்றையும் ஏமாற்றிவிடலாம். மாற்றம் முடிவதற்குள் மனத்தை மாற்றிக்கொண்டால் போதும். `clk0` 12 மெகாஹெர்ட்ஸ், `clk1` 16 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். `sel` 1 ஆகி, `en0` மூடிவிட்டது. நேரம் 0-இல் `clk1` ஏறி `s1` எழுந்துவிட்டது. `en1` திறக்க இன்னும் 31.25 நானோ நொடி இருக்கிறது. 5-ஆவது நானோ நொடியில் நிரல் `sel`-ஐ மறுபடி 0 ஆக்குகிறது. 12-இல் `clk0` ஏறுகிறது. அது பார்ப்பது என்ன? தேர்வு தன் பக்கம், எதிர்வாசல் இன்னும் மூடியிருக்கிறது. `s0` எழுகிறது. 31.25-இல் `en1` திறக்கிறது, 53.7-இல் `en0`-உம் திறக்கிறது. இரண்டு வண்டியும் ஒரே தண்டவாளத்தில்! `clk1`-இன் துடிப்பு 62.5-இலிருந்து 93.75 வரை வெளியே வருகிறது. `clk0`-இன் துடிப்பு 95.3-இல் தொடங்குகிறது. நடுவில் வெளியீடு தாழ்ந்திருந்தது 1.6 நானோ நொடி மட்டும். எதற்காக இத்தனை பாடுபட்டோமோ அதே குறுந்துண்டு திரும்ப வந்துவிட்டது.

வேகங்கள் பத்து மடங்கு தள்ளியிருந்தால் இது பெரும்பாலும் தெரியாமல் போய்விடும். வேகமானது முன்கூட்டியே மூடிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். பக்கத்துப் பக்கத்து வேகங்களில்தான் கடிக்கும். ஆகவே விதி: ஒரு மாற்றம் முடிந்தது என்று வன்பொருள் சொல்லும்வரை அடுத்த கட்டளை கொடுக்காதீர்கள். `sel` நேராக ஒரு பிளிப்-ஃப்ளாப்பிலிருந்து வரட்டும், லாஜிக் கேட்களின் குவியலிலிருந்து வேண்டாம். குவியல் தானாகவே ஒரு நொடித்துளி 1-க்கும் 0-க்கும் துள்ளும். அந்தத் துள்ளலும் இங்கே ஒரு மனமாற்றம்தான்.

◆ 'முடிந்தது என்று சொல்வது' எப்படி இருக்கும் என்று பார்க்க விலை மலிவான உதாரணம் ஒன்று கையருகே இருக்கிறது. 2021-இல் ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையோடு வந்த RP2040 சிப். விழித்தெழும்போது இது சிப்புக்குள்ளேயே இருக்கும் ரிங் ஆஸிலேட்டரில் ஓடுகிறது. அதன் வேகம் பெயருக்கு 6.5 மெகாஹெர்ட்ஸ், ஆனால் உத்தரவாதம் 1.8 முதல் 12 வரை எங்கும் இருக்கலாம் என்பதே. அங்கிருந்து 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கும், பிறகு 125 மெகாஹெர்ட்ஸ் பி.எல்.எல்-லுக்கும் நிரல் மாறிக்கொள்கிறது. பலகையை இயக்கும் ஒவ்வொரு முறையும், `main` தொடங்குவதற்கு முன்பே, வெவ்வேறு கிளாக்குகளுக்கு இடையே தாவல்கள் நடந்து முடிந்திருக்கும்.

◆ அதே சிப்பில் கிளிட்ச் தராத மல்டிப்ளெக்சரும் இருக்கிறது, கிளிட்ச் தரும் சாதாரண மல்டிப்ளெக்சரும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. சிஸ்டம் கிளாக்கின் நல்ல மல்டிப்ளெக்சருக்கு இரண்டே வாசல்: ஒன்று `clk_ref`, மற்றது துணை வழி. துணை வழிக்குப் பின்னால் இரண்டு பி.எல்.எல், ரிங் ஆஸிலேட்டர், கிரிஸ்டல் என்று நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்வது சாதாரண மல்டிப்ளெக்சர். 125 மெகாஹெர்ட்ஸ் பி.எல்.எல்-லிலிருந்து 48 மெகாஹெர்ட்ஸ் யு.எஸ்.பி பி.எல்.எல்-லுக்கு நேராகத் தாவினால் அந்தச் சாதாரண மல்டிப்ளெக்சரை ஓடும் கிளாக்கோடு திருப்புகிறீர்கள். செய்ய வேண்டியது: முதலில் நல்ல வாசல் வழியாக `clk_ref`-க்குப் போய்விட வேண்டும், யாரும் பார்க்காதபோது துணை வழியைத் திருப்ப வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும். அந்தச் சிப்பின் அதிகாரபூர்வ நூலகம் இதைச் செய்யும் இடத்தில் இப்படி இரண்டு வரி இருக்கிறது:

```
hw_clear_bits(&clock->ctrl, CLOCKS_CLK_REF_CTRL_SRC_BITS);
while (!(clock->selected & 1u)) tight_loop_contents();
```

முதல் வரி கேள்வி, இரண்டாவது வரி பதிலுக்கான காத்திருப்பு. `selected` என்ற ரெஜிஸ்டரில் ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு பிட். மாற்றம் நடந்து முடிந்த பிறகே புதிய மூலத்தின் பிட் எழும். 'நான்தான் எழுதிவிட்டேனே' என்று இந்த இரண்டாவது வரியை எடுத்துவிட்டால் பலகை பெரும்பாலும் ஓடத்தான் செய்யும். அதுதான் இதன் கொடுமை. எஸ்.டி.எம்32 சிப்களில் இதே பேச்சுவார்த்தைக்கு `SW` என்று கேட்கும் பிட்களும் `SWS` என்று பதில் சொல்லும் பிட்களும் தனித்தனியாக இருக்கின்றன.

◆ கிளிட்சைப் பிடிப்பது எப்படி? நான் பார்த்த ஒரு பலகை, தூக்கத்திலிருந்து எழும்போது எப்போதாவது உறைந்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சரியாக ஓடும், மறுநாள் காலை கிடக்கும். அலைக்காட்டியில் கிளாக்கைப் பார்த்தால் அழகாக இருந்தது, ஏனென்றால் வழக்கமான ட்ரிகர் எந்த ஏறுமுனைக்கும் திரையை வரைந்துவிடும். கோடியில் ஒரு துடிப்பு கண்ணுக்குப் படாது. துடிப்பின் அகலத்துக்கு ட்ரிகர் வைத்து, 'நான்கு நானோ நொடிக்குக் குறைந்தால் மட்டும் நில்' என்று விட்டுவிட்டு, பலகையைத் தூங்கவும் எழவும் மாறி மாறி ஓட்டினோம். சாப்பிட்டு வருவதற்குள் ஒரு துண்டு பிடிபட்டிருந்தது. துணை வழியை ஓடும்போதே திருப்பியிருந்தார்கள்.

சிமுலேஷனில் இதைவிட எளிது, ஆனால் பலர் `sel`-ஐ ஒரே ஒரு நேரத்தில் மாற்றிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். `sel` மாறும் கணத்தை 83.3 நானோ நொடி முழுக்க 0.1 நானோ நொடி வீதம் நகர்த்துங்கள்: 833 இடம். வேகமான கிளாக்கின் தொடக்கத்தையும் அதே வீதம் நகர்த்துங்கள்: 80 இடம். பெருக்கினால் 66,640 ஓட்டம். இவ்வளவு சிறிய சுற்றுக்கு அது ஒன்றுமே இல்லை. காவலுக்கு இது போதும்:

```
real last = -10;
always @(clk_out) begin
  if ($realtime - last < 3.9) $display("glitch %t", $realtime);
  last = $realtime;
end
```

நேர அலகை நானோ நொடியாகவும் துல்லியத்தைப் பிக்கோ நொடியாகவும் வைக்க மறக்காதீர்கள். துல்லியமும் நானோ நொடியாக இருந்தால் துண்டுகள் முழு எண்ணுக்குள் கரைந்துவிடும்.

◆ டோக்கனோடு வண்டி நடுவழியில் நின்றுவிட்டால்? தடம் முழுவதும் அடைபட்டுவிடும். ஹேண்ட்ஷேக் மல்டிப்ளெக்சரின் பெரிய பலவீனம் இதுவே. ஓடிக்கொண்டிருந்த கிளாக் செத்துப்போனால் அதன் `en` மூடவே மூடாது, ஏனென்றால் மூடுவதற்கும் அந்தக் கிளாக்கின் ஒரு துடிப்பு வேண்டும். எதிர்ப்பக்கம் நல்ல கிளாக் தயாராகத் துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அனுமதி ஒருபோதும் வராது. கிரிஸ்டல் உடைந்தால் மாற்றுக் கிளாக்குக்குப் போகலாம் என்று நம்பி இந்த மல்டிப்ளெக்சரை வைத்தவர்களுக்கு, கிரிஸ்டல் உடையும் அந்த ஒரே சந்தர்ப்பத்தில் மல்டிப்ளெக்சர் கைகொடுக்காது.

அதனால் செத்த கிளாக்கைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு காவல் வேண்டும். ஸைலிங்க்ஸ் எஃப்.பி.ஜி.ஏ-க்களின் `BUFGCTRL`-இல் `IGNORE0`, `IGNORE1` என்று இரண்டு கால்கள் உண்டு. ஒன்றை உயர்த்தினால் அந்தக் கிளாக்குக்காகக் காத்திருக்காமல் மாறிவிடும், கிளிட்ச் வரும் என்பதை ஏற்றுக்கொண்டுதான். எஸ்.டி.எம்32-இல் கிளாக் பாதுகாப்பு அமைப்பு, வெளிக் கிரிஸ்டல் நின்றதைக் கண்டதும் உள் ஆஸிலேட்டருக்கு மாற்றிவிட்டு, தள்ளிவைக்க முடியாத இன்டரப்ட் ஒன்றால் நிரலுக்குச் சொல்கிறது. RP2040-இல் இதற்குப் பெயர் `RESUS`. சிஸ்டம் கிளாக்கில் ஒரு விளிம்புகூட வராமல் `clk_ref` எத்தனை சுற்றுப் பொறுக்க வேண்டும் என்பதை எட்டு பிட்டில் எழுதலாம். அதிகபட்சமான 255-ஐ வைத்தால், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 21.25 மைக்ரோ நொடி கழிந்ததும் சிஸ்டம் கிளாக் `clk_ref`-க்கு வலிந்து இழுக்கப்படும். `clk_ref`-ம் செத்திருந்தால் எண்ணுவதற்கு யாரும் இல்லை. எனவே பி.எல்.எல்-லை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள், கிரிஸ்டலின் காலைத் தரையோடு இணைத்தும் சோதித்துப் பாருங்கள். இரண்டுக்கும் சிப் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.